பல் இல்லாத வாய், பன்னிரண்டு மீட்டர் உடல்: குமரிக் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கலம்

முட்டத்துக்கும் மணக்குடிக்கும் இடைப்பட்ட மணற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்று தணியத் தொடங்கிய நாட்களில், ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியது. இந்தியச் சட்டத்தில் திமிங்கலங்கள் எல்லாமே முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் உடலைத் தொடும் உரிமை வனத்துறைக்கும், அவர்கள் அழைத்து வரும் கால்நடை மருத்துவருக்கும்தான். கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவன் என்பதால், இனத்தை அடையாளம் காண உதவுமாறு என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் போய்ச் சேரும் முன்பே இரண்டு செய்திகள் பரவியிருந்தன. ஒன்று, அது நீலத் திமிங்கலம் என்பது. இன்னொன்று, அதன் வயிற்றில் கோடிக்கணக்கில் விலைபோகும் அம்பர் இருக்கும் என்பது. இரண்டுமே தவறு. அம்பர் உருவாவது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில். அது கணவாயைத் தேடித் தின்னும், கீழ்த்தாடையில் வரிசையாகப் பல் உள்ள விலங்கு. இங்கே கிடந்ததன் வாயில் பல்லே இல்லை.

கூட்டத்தில் நின்ற மூத்த மீனவர் ஒருவர் கேட்டதுதான் இந்த ஆய்வுக்கே அடிப்படையான கேள்வி. "சாரே, பல்லு கெடையாது. தின்னுதது நெத்திலியும் கூனியும்னு சொல்லுதிய. அப்பம் இது எப்பிடி இவ்வளவு பெரிசா வளந்துது?"

"பெரிசா வளந்ததாலதான் அண்ணே அதைத் தின்னே பிழைக்க முடியுது" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை, பதில் தலைகீழாகத்தான் தெரிகிறது. அதை முறையாகச் சொல்ல முதலில் அந்த வாயைப் பார்க்க வேண்டும்.

இனத்தைக் கண்டுபிடித்தது எப்படி

நீளம் பன்னிரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டியது. மூக்கின் நுனியிலிருந்து வால் துடுப்புகளின் நடுவிலுள்ள பள்ளம் வரை, உடலின் வளைவோடு போகாமல், பக்கத்தில் நேர்கோட்டில் நாடா பிடித்து அளக்க வேண்டும். முதுகின் மேலே நாடாவை ஓட்டினால் அளவு கூடிவிடும், குறிப்பாக அழுகி ஊதிய உடலில்.

தொண்டையிலிருந்து தொப்புள் வரை நீளவாக்கில் மடிப்புகள் ஓடின. இந்த மடிப்புகள் இருந்தால் அது ரார்குவல் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நீலத் திமிங்கலம், துடுப்புத் திமிங்கலம், சேய் திமிங்கலம், பிரைடு திமிங்கலம், மிங்க் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அடுத்து தலையின் மேற்பகுதி. மூச்சுத் துளைக்கு முன்னால் நடுவில் ஒரு மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு மேடு, ஆக மூன்று. மற்ற ரார்குவல்களுக்கு நடுமேடு ஒன்றுதான் தெளிவாக இருக்கும். மூன்று மேடு என்றால் பிரைடு திமிங்கலம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2003இல்தான் தனி இனம் என்று விவரிக்கப்பட்ட ஒமுரா திமிங்கலம் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், ஆனால் உருவில் சிறியது. அதற்கு நடுமேடு மட்டும்தான்; தாடையின் நிறமும் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வேறுபடும். அழுகத் தொடங்கிய உடலில் மேல்தோல் உரிந்து நிறம் போய்விடும், மேடுகளும் சரிந்துவிடும். நல்லவேளையாக இந்த உடலில் தலை அதிகம் சிதையவில்லை. பிரைடு திமிங்கலத்திலேயே கரையோரம் வாழும் சிறிய வகை, ஆழ்கடலில் வாழும் பெரிய வகை என்று இரண்டு உண்டு. பன்னிரண்டு மீட்டர் என்பது இரண்டுக்கும் எல்லையில் நிற்கும் நீளம். அதை மரபணுச் சோதனைதான் முடிவுசெய்யும் என்பதால் ஒரு துண்டு தோலைச் சாராயத்தில் போட்டு வைத்தோம்.

வாய்க்குள்

மேல்தாடையின் இருபுறமும் பல் இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்புத் தகடுகள் தொங்கின. இவைதான் பலீன். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெராட்டினால் ஆனவை. ஈறு அழுகினால் இவை வரிசையோடு பெயர்ந்து விழுந்துவிடும். ஒரு பக்கத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒழுங்காக நின்ற பக்கத்தில் எண்ணியபோது முந்நூறை ஒட்டி வந்தது. நீளமான தகடுகூட ஒரு முழத்துக்குக் குறைவுதான். நீலத் திமிங்கலத்தில் இது ஒரு மீட்டரை நெருங்கும்.

ஒரு தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அமைப்பு புரியும். வெளிப்பக்க விளிம்பு வழுவழுப்பாக, விறைப்பாக இருக்கிறது. நாக்கைப் பார்க்கும் உள்விளிம்பு பிரிந்து, முரடான நரைமயிராகத் தொங்குகிறது. இந்த மயிர் தனியாக முளைப்பதல்ல. தகட்டுக்குள்ளேயே மெல்லிய குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நாக்கும் நீரும் உரசி உரசித் தகட்டின் உட்புறம் தேயும்போது அந்தக் குழாய்கள் வெளியே வந்து மயிராகின்றன. மேலே ஈற்றிலிருந்து தகடு ஓயாமல் வளர்கிறது, கீழே ஓயாமல் தேய்கிறது. ஒரு தகட்டின் மயிர் அடுத்த தகட்டின் மயிரோடு பின்னிக்கொண்டு, வாயின் உட்புறம் முழுக்க ஒரே பாயாகிவிடுகிறது. மீனும் இறாலும் சிக்குவது இந்தப் பாயில்தான். தகடுகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாகத் தண்ணீர் வெளியே போகிறது.

மயிரின் தடிமனும் உணவைக் காட்டிக்கொடுக்கும். சேய் திமிங்கலத்தின் மயிர் மிக மெல்லியது, அதனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மிதவை உயிர்களையும் அது பிடித்துவிடும். பிரைடு திமிங்கலத்தின் மயிர் முரடு. அதற்குச் சாளை, நெத்திலி போன்ற கூட்டமீன்களும் சற்றுப் பெரிய இறால் வகைகளுமே சரி. இந்த விலங்கின் முன்வயிற்றில் கிடைத்ததும் செரித்த கூழுக்கு நடுவே பொடி மீன்முட்களும் முதுகெலும்புத் துண்டுகளும்தான். கொழுப்படுக்கும் மெலிந்திருக்கவில்லை. பட்டினியால் சாகவில்லை என்பது மட்டும் இதிலிருந்து தெரிந்தது. சாவுக்கான காரணம் உடலில் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வாய்

இந்த விலங்கு உயிரோடு உண்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஆனால் இதன் பெரிய உறவினரான துடுப்புத் திமிங்கலத்தின் முதுகில் உறிஞ்சுகிண்ணத்தால் ஒட்டிய கருவிகள், வேகத்தையும் ஆழத்தையும் நொடிக்கு நொடி பதிந்து தந்திருக்கின்றன. அந்தக் கணக்கை வைத்து ஒரு வாய் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

20 மீட்டர் நீளமுள்ள துடுப்புத் திமிங்கலம் ஏறக்குறைய 45 டன் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இறால் கூட்டத்தை நோக்கி அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. பிறகு வாயைத் திறக்கிறது. கீழ்த்தாடை செங்கோணத்தை நெருங்கும் அளவு விரிகிறது. எதிரே வரும் தண்ணீர் தாடைக்குள் மோதுகிறது, நாக்கு தளர்ந்து பின்னோக்கி உள்புறமாகப் புரண்டுவிடுகிறது, தொண்டை மடிப்புகள் விரிகின்றன. தாடை முனையிலிருந்து தொப்புள் வரை உடலின் அடிப்பகுதி முழுக்கப் பையாகிவிடுகிறது. ஆறு நொடிக்குள் சுமார் 70 கன மீட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கும். அதாவது 70 டன், விலங்கின் சொந்த எடையைவிட அதிகம்.

இதன் விலை என்ன? கடல்நீர் ஓரிடத்தில் நிற்கிறது, திமிங்கலம் ஓடுகிறது. உள்ளே வந்த நீரும் திமிங்கலத்தோடு சேர்ந்து நகர்ந்தாக வேண்டும். 45 டன் உடல் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகும்போது நிற்கும் 70 டன் நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால், உந்தக் கணக்குப்படி மொத்தம் 115 டன்னும் நொடிக்கு 1.2 மீட்டருக்கும் கீழாக வேகம் இழக்கும். வால் அடித்து ஈடுசெய்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் விலங்கு ஏறக்குறைய நின்றே போய், மறுபடி முதலிலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். பை தானாக விரிந்துகொடுப்பதும் இல்லை. மடிப்புகளின் அடியிலுள்ள தசை இறுகி, வரும் நீரை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே விரிகிறது. அப்படிச் செய்யாவிட்டால் நீர் பையின் பின்சுவரில் ஒரேயடியாக மோதும்.

இவ்வளவு நீட்சிக்கு உடல் தன்னைத் தயார்ப்படுத்தியிருக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். அடித்தொண்டையில் ஓடும் நரம்புகளே ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டு திரும்பச் சுருங்குகின்றன. நம் உடலில் அப்படி இழுத்தால் நரம்பு அறுந்துவிடும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்முனையில் எலும்பால் ஒட்டியிருப்பதில்லை, அந்த இடைவெளியில் ஓர் உணர்வு உறுப்பு இருக்கிறது. 2012இல் விவரிக்கப்பட்ட அது, தாடை எவ்வளவு விரிந்தது, பை எவ்வளவு நிறைந்தது என்பதை மூளைக்குச் சொல்கிறது என்று கருதப்படுகிறது. 2022இல் துடுப்புத் திமிங்கலத்தின் தொண்டையில் ஒரு சதைக்கட்டி விவரிக்கப்பட்டது. வாய் நிறைய நீர் இருக்கும்போது அது வாயிலிருந்து தொண்டைக்குள் போகும் வழியை அடைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் பாயும் நீர் நேராக வயிற்றுக்கோ நுரையீரலுக்கோ போய்விடும்.

வாய் மூடிய பிறகு வடிகட்டல். தசை சுருங்குகிறது, நாக்கு பழைய இடத்துக்குத் திரும்புகிறது, நீர் பலீன் வழியாக வெளியேறுகிறது. மிங்க் போன்ற சிறிய வகைக்கு இது சில நொடி வேலை. துடுப்புத் திமிங்கலத்துக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க அது மூச்சடக்கிக்கொண்டு நீருக்கடியில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அந்த மீனவர் ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுவந்தார். கரமடி இழுக்கும்போது சொறியும் பாசியும் வந்து மடியின் கண்ணை அடைத்தால் தண்ணீர் வடியாது, வலை கனத்துப்போகும். இதுக்கு ஏன் அடைக்கவில்லை? வலையில் நீர் கண்ணை நோக்கி நேராகப் பாய்கிறது, அதனால் வருவதெல்லாம் கண்ணிலேயே அப்பிக்கொள்கிறது. பலீனில் நீரின் பெரும்பகுதி பாயின் முகத்தை ஒட்டி, இணையாக ஓடுகிறது. ஓடும்போது பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்துகளுக்குள் திரும்புகிறது. இறால் அந்தத் திருப்பத்தில் சேர்ந்து திரும்பாமல் ஓட்டத்தோடு தொண்டைப் பக்கம் போய்க் குவிகிறது. வெட்டியெடுத்த தகடுகளை ஓடும் நீர்த்தொட்டியில் வைத்துப் பார்த்தும், கணக்கு மாதிரிகளாலும் கண்டது இது. வாயைத் திறந்தபடியே மெதுவாக நீந்திக்கொண்டு வடிகட்டும் துருவத் திமிங்கலத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு வாயாக எடுக்கும் ரார்குவலுக்கும் பெருமளவு பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

பெரிதானதன் கணக்கு

இப்போது மூத்தவரின் முதல் கேள்விக்கு வரலாம். ஓர் உடல் அதே உருவத்தோடு பெரிதானால், வாயும் எடையும் ஒரே விகிதத்தில் கூடும். அப்படியானால் பெரிய திமிங்கலத்துக்கு வாயில் தனிச் சலுகை எதுவும் இருக்காது. ரார்குவல்களில் நடப்பது வேறு. உடல் நீள நீள, தாடை அதைவிட வேகமாக நீள்கிறது. சிறிய மிங்க் திமிங்கலம் ஒரு வாயில் தன் எடையில் பாதியைக்கூட எட்டாத நீரை எடுக்கிறது. துடுப்பும் நீலமும் தங்கள் எடையையே தாண்டுகின்றன. நம் கரையில் கிடந்த பிரைடு இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

செலவுப் பக்கம் எதிர்த்திசையில் போகிறது. பாலூட்டிகளில் எடை இரண்டு மடங்கானால் உடலை உயிரோடு வைத்திருக்கத் தேவைப்படும் ஆற்றல் இரண்டு மடங்காகாது, சுமார் 1.7 மடங்குதான் ஆகும். வாயோ இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. ஆக, ஒவ்வொரு முறை பெரிதாகும்போதும் வரவு செலவைவிட வேகமாக ஏறுகிறது. 300 கருவிப் பதிவுகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது. வடிகட்டித் தின்னும் திமிங்கலங்களில் உடல் பெரிதாகப் பெரிதாக, செலவழித்த ஆற்றலுக்குக் கிடைக்கும் ஆற்றல் கூடுகிறது. பல் உள்ள திமிங்கலங்களில் அப்படி இல்லை. ஒரு கணவாயைத் துரத்திப் பிடித்தால் அது ஒரு கணவாய்தான். உடல் எவ்வளவு பெரிதானாலும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மீதி எல்லாமே தவறாகிவிடும். 70 கன மீட்டர் நீரில் எவ்வளவு இரை இருக்கிறது? கன மீட்டருக்கு 150 கிராம் இறால் இருக்கும் அடர்ந்த கூட்டத்தில் ஒரு வாய்க்குப் பத்து கிலோவுக்கு மேல் கிடைக்கும். அதே நீரில் கன மீட்டருக்கு ஒரு கிராம்தான் இருக்கிறது என்றால் எழுபது கிராம். அந்த எழுபது கிராமுக்காக 45 டன் உடலை நிறுத்தி, மறுபடி வேகம் பிடிக்க வைப்பது நட்டம். கருவிப் பதிவுகளிலும் இது தெரிகிறது: இரை அடர்த்தி குறைந்த இடத்தில் திமிங்கலங்கள் பாய்வதையே குறைத்துவிடுகின்றன. பெரிய வாய், இரை திட்டுத்திட்டாக அடர்ந்து கிடக்கும் கடலில் மட்டுமே லாபம்.

அதனால்தான் இவை எப்போது பெரிதாயின என்பது முக்கியமாகிறது. பலீன் வகையின் முன்னோர் மூன்று கோடி ஆண்டுக்கு முன்பே இருந்தனர், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பத்து மீட்டருக்கு உட்பட்டவர்கள். 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, புதைபடிவ மண்டையோடுகளின் அகலத்திலிருந்து உடல் நீளத்தைக் கணித்தது. பத்து மீட்டரைத் தாண்டும் உருவங்கள் ஒரே கிளையில் அல்ல, பல கிளைகளில் தனித்தனியாக, கடந்த சுமார் 45 லட்சம் ஆண்டுகளுக்குள் தோன்றின என்று அது காட்டியது. சிறிய இனங்கள் மறைந்ததும் அதே காலத்தில்தான். துருவப் பனி பெருகி, காற்று வலுத்து, அடிநீர் மேலெழும் கரையோரங்களில் சத்து குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் குவியத் தொடங்கிய காலம் அது. உணவு ஓரிடத்தில் சில மாதம் அடர்ந்து கிடக்கும், பிறகு வெகுதூரத்துக்கு ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட கடலில் பெரிய உடல் இரண்டு வகையில் உதவுகிறது: ஒரே வாயில் நிறைய அள்ளலாம், அள்ளியதைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு அடுத்த திட்டு வரை தாங்கலாம்.

குமரிக் கடலுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும்போது, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. சாளையும் நெத்திலியும் மொய்ப்பது அதைத் தொடர்ந்துதான். குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள மீன்பிடிப் பரப்பான வெட்ஜ் பேங்க் பக்கம் வள்ளம் போகிறவர்கள் திமிங்கலம் ஊதுவதைப் பார்த்ததாகச் சொல்வது இரை குவிந்த இடங்களில்தான். வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் மற்ற பல நீலத் திமிங்கலங்களைப் போலத் துருவக் கடலுக்குப் போய் உண்டு திரும்புவதில்லை, இங்கேயே இரை தேடுகின்றன. தெற்கு இலங்கையில் மிரிஸ்ஸா பக்கம் அவை தின்பது அண்டார்டிகாவின் கிரில் அல்ல, செர்ஜெஸ்டிட் என்ற இறால் குடும்பம். நம் சந்தையில் காயவைத்து விற்கும் கூனியும் அதே குடும்பம்தான். மூத்தவர் முதலில் சிரித்த "கூனி தின்னுத திமிங்கலம்" உண்மையிலேயே அவர் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கே நிற்கிறது

இப்படி லாபம் ஏறிக்கொண்டே போனால் ஐம்பது மீட்டர் திமிங்கலம் ஏன் இல்லை? பெரிய வாய் நிறைய, மூட, வடிகட்ட அதிக நேரம் எடுக்கிறது. வாய் திறந்திருக்கும் நேரம் நீண்டால் இறால் கூட்டம் சிதறித் தப்பிவிடும். ஒரு முழுக்கில் எத்தனை வாய் எடுக்கலாம் என்பதும் குறைகிறது. உடல் எடையையும் ரத்தத்தில் தங்கும் ஆக்சிஜனையும் வைத்துக் கணக்குப் போட்டால் நீலமும் துடுப்பும் அரை மணி நேரம் மூச்சடக்க முடிய வேண்டும். ஆனால் இரை எடுக்கும் முழுக்குகள் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்து, விலங்கு மேலே வந்துவிடுகிறது. பாய்ச்சலின் செலவு அவ்வளவு. இதற்கும் மேலே இரை அடர்த்தி ஓர் எல்லை போடுகிறது: கடலில் இறால் கூட்டம் எவ்வளவு பெரிதாக, எத்தனை மாதம் இருக்கும் என்பதை எந்த வாயும் மாற்ற முடியாது.

கீழேயும் ஓர் எல்லை இருக்கிறது. 2023இல் அண்டார்டிக் மிங்க் திமிங்கலங்களில் கருவி ஒட்டிப் பார்த்த ஆய்வு, அவை இரவில் பெரிய இனங்களைவிடப் பல மடங்கு அதிக முறை பாய்ந்தால்தான் பிழைக்க முடிகிறது என்று கண்டது. அந்த ஓட்டத்தைவிட வேகமாக வாயைத் திறந்து மூட முடியாது. அதனால் நான்கரை, ஐந்து மீட்டருக்குக் கீழே இப்படி உண்ணும் திமிங்கலம் இருக்க வாய்ப்பில்லை என்பது அவர்கள் கணிப்பு. பால்குடி மறக்கும் மிங்க் குட்டி அந்த நீளத்தில்தான் இருக்கும்.

உடலை அங்கேயே ஆழக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அதற்கு முன் வனத்துறையின் அனுமதியோடு ஒரு பலீன் தகட்டை முழு நீளமாக எடுத்து வைத்தார்கள். நகம் போல வளர்வதால், ஈற்றிலிருந்து நுனி வரை சிறு இடைவெளிகளில் பொடி எடுத்து அதிலுள்ள நைட்ரஜன், கார்பன் வகைகளைப் பார்த்தால், கடைசி சில பருவங்களில் விலங்கு என்ன தின்றது, எந்த மாதிரிக் கடலில் இருந்தது என்பது அடுக்கடுக்காகத் தெரியும். கீழ்த்தாடை எலும்பின் நீளத்தையும், இரு தாடை மூட்டுகளுக்கு இடைப்பட்ட அகலத்தையும், தாடை முனையிலிருந்து தொப்புள் வரையிலான மடிப்பின் நீளத்தையும் குறித்துக்கொண்டோம். இந்த மூன்று அளவும் இருந்தால் இந்த விலங்கு ஒரு வாயில் எவ்வளவு நீர் எடுத்திருக்கும் என்று கணக்கிடலாம். கரை ஒதுங்கும் உடல்களில் மொத்த நீளத்தோடு இவற்றையும் எடுப்பது அரிது. அடுத்து ஒன்று ஒதுங்கினால், ஊதிய தொண்டையை யாரும் கத்தியால் குத்துவதற்கு முன் மடிப்பை அளந்துவிட வேண்டும். வாயு வெளியேறிய பிறகு அந்த அளவு கிடைக்காது, வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.